மண்சுவர் விரிசலில் ஒளியும் மணல் ஈ: கருங்காய்ச்சலைத் தடுக்க முதலில் பூச்சா, மருந்தடிப்பா?

பேர்தான் மணல் ஈ. ஆனால் கடற்கரை மணலுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பீகார், ஜார்க்கண்ட் கிராமங்களில் இது குடியிருப்பது மண்சுவரின் விரிசலிலும் மாட்டுக்கொட்டகையின் மூலையிலும்தான். கொசுவின் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். உடம்பெல்லாம் பொடி ரோமம். உட்காரும்போது இறக்கையை மடக்காமல் 'வி' எழுத்து மாதிரி தூக்கி வைத்திருக்கும். கொசுபோல காதருகே ரீங்காரமும் போடாது. அதனால் கடித்தது யார் என்பதே பலருக்குத் தெரியாது.

இந்தப் பூச்சி பரப்பும் நோய்தான் கலா-அசார் எனப்படும் கருங்காய்ச்சல். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி மனித உடலுக்குள் புகுந்து மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், உடல் மெலிவு, ரத்தசோகை, மண்ணீரல் வீங்கி வயிறு புடைத்துக்கொள்வது ஆகியவை இதன் அடையாளங்கள். சிகிச்சை எடுக்காமல் விட்டால் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு உயிர்போகும் நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த நோய்க்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. அதனால் தடுப்பு வேலை முழுக்க வீட்டுச் சுவரில்தான் நடக்கிறது. ஒன்று, விரிசலை அடைத்துப் பூசுவது. இன்னொன்று, சுவரில் பூச்சிமருந்து அடிப்பது. இரண்டுமே பலன் தரும். ஆனால் வரிசை மாறினால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும். அது எப்படி என்று பார்ப்போம்.

சென்னையில் தெரியவந்த ஒட்டுண்ணி

வடக்கத்திய நோய் என்று நினைக்க வேண்டாம். இந்த ஒட்டுண்ணியின் பெயரிலேயே சென்னை இருக்கிறது. 1903-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலில் இருந்து எடுத்த மாதிரியில் இதைக் கண்டார். அதே ஆண்டு, அவருக்குச் சற்று முன்னால், வில்லியம் லீஷ்மன் இங்கிலாந்தில் இருந்து இதே உருவத்தைப் பற்றி எழுதியிருந்தார். கல்கத்தா அருகே டம்டம்மில் பணியாற்றிவிட்டு இறந்த ஒரு ராணுவ வீரரின் மண்ணீரலில் அவர் அதைப் பார்த்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் சூட்டியவர் ரொனால்ட் ராஸ்.

ஒட்டுண்ணி தெரிந்துவிட்டது. ஆனால் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதை உறுதி செய்ய கிட்டத்தட்ட 40 வருஷம் ஆனது. மூட்டைப்பூச்சி உட்பட பலவற்றின் மேல் சந்தேகம் விழுந்தது. கடைசியில் 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் குழு, மணல் ஈ கடிப்பதால்தான் நோய் பரவுகிறது என்பதைத் தன்னார்வலர்கள் மூலம் நிரூபித்தது. இந்தியாவில் அந்த வேலையைச் செய்யும் இனத்துக்கு 'ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ்' என்று பெயர்.

தண்ணீரே தேவையில்லாத பூச்சி

கொசுவை ஒழிக்க நாம் என்ன செய்கிறோம்? தேங்கிய தண்ணீரைக் கொட்டுகிறோம். மணல் ஈயிடம் அந்த வித்தை பலிக்காது. காரணம், இது தண்ணீரில் முட்டையிடுவதில்லை.

இதற்குத் தேவை மூன்றே விஷயம்: லேசான ஈரம், இருட்டு, மக்கிய பொருள். மாட்டுக்கொட்டகையில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். கோமியம் ஊறி ஈரமான மண், சிதறிய சாணம், மிதிபட்ட வைக்கோல், இதெல்லாம் சுவரும் தரையும் சேரும் இடுக்கில் போய்ப் படிகிறது. பெண் ஈ அங்கேதான் முட்டை வைக்கிறது. முட்டையில் இருந்து வரும் புழு, அந்த மக்கிய துகள்களைத் தின்றே வளர்கிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்று முழு வளர்ச்சிக்கு வெப்பநிலையைப் பொறுத்து சுமார் ஒன்று முதல் இரண்டு மாதம் பிடிக்கும்.

புழுவைக் கண்ணால் தேடிப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். மண்ணோடு மண்ணாக இருக்கும், ஓரிரு மில்லிமீட்டர்தான். அதனால் ஆய்வாளர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். சந்தேகப்படும் தரைப்பகுதி மேல் ஒரு மூடிய பொறியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதற்குள் மண்ணில் இருந்து புது ஈக்கள் முளைத்து வருகின்றனவா என்று நாள்கணக்கில் காத்திருந்து பார்ப்பார்கள். கொசுப்புழுவைக் கரண்டியால் மொண்டு எண்ணுவதுபோல சுலபமான வேலை இல்லை இது. உற்பத்தி இடத்தையே தேடி அழிக்கும் உத்தி இங்கே பெரிதாக எடுபடாமல் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

விரிசலுக்கு இரண்டு வேலை

மண்சுவரில் உள்ள எல்லா விரிசலும் ஒரே மாதிரி அல்ல. இந்தப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

சுவரின் அடிப்பக்கம், தரையோடு சேரும் இடத்தில் உள்ள ஈரமான வெடிப்பு, குஞ்சு பொரிக்கும் இடம். அதற்கு மேலே, சுவரின் நடுவிலும் மூலைகளிலும் உள்ள காய்ந்த விரிசல்களில் பெரும்பாலும் புழு வளர்வதில்லை. அவை வளர்ந்த ஈக்கள் பகலில் பதுங்கும் இடம். மணல் ஈக்கு வெயிலும் காற்றும் ஆகாது. உடம்பு சீக்கிரம் உலர்ந்துவிடும். அதனால் பொழுது விடிந்ததும் இருட்டான, சற்று குளிர்ச்சியான ஓட்டையைத் தேடிப் போய்விடும்.

ராத்திரி நடப்பதைப் பாருங்கள். பெண் ஈ கொட்டகை மாட்டிடமோ பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரிடமோ ரத்தம் குடிக்கிறது. வயிறு நிறைந்து கனத்த பிறகு அதிக தூரம் போக முடியாது. நன்றாகப் பறக்கும் பூச்சியும் அல்ல. தத்தித் தத்தித்தான் நகரும். அதனால் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து ரத்தத்தைச் செரிக்கிறது. பிறகு முட்டை வைக்கிறது. அடுத்த முட்டைக்கு மறுபடி ரத்தம் தேடிப் போகிறது.

நோய் பரவுவது அந்த 'மறுபடி'யில்தான். முதல் கடியில் நோயாளியிடம் இருந்து ஒட்டுண்ணியை எடுத்துக்கொண்டாலும், அது ஈயின் குடலில் பெருகி வாய்ப்பகுதிக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குப் பிறகு கடித்தால்தான் அடுத்தவருக்குத் தொற்றும். ஆக, முதல் கடிக்கும் அடுத்த கடிக்கும் நடுவே ஈ உட்காரும் சுவரில் மருந்து இருந்தால் போதும். ஈக்கள் எல்லாம் சாகாவிட்டாலும்கூட, நோயைத் தூக்கிக்கொண்டு போகும் வயதான ஈக்கள் குறைந்துவிடும்.

மாட்டைப் பற்றி ஒரு சந்தேகம் பலருக்கு வரும். மாடு இந்த நோயைப் பரப்புகிறதா? இல்லை. இந்தியாவில் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணி மனிதரிடம் இருந்து மனிதருக்குத்தான் போகிறது. மாடு ஈக்குத் தீனி. மாட்டின் சாணம் புழுவுக்குத் தீனி. கொட்டகை வீட்டை ஒட்டியே இருந்தாலோ, ஒரே கூரைக்குக் கீழ் மாடும் மனிதரும் தூங்கினாலோ, ஈக்கு இரண்டு சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது.

டிடிடி வந்தது, நோய் போனது, திரும்பியும் வந்தது

மருந்தடிப்பின் வலிமை முதலில் தற்செயலாகத்தான் தெரிந்தது. 1953-ல் மலேரியாவை ஒழிக்க நாடு முழுக்க வீட்டுச் சுவர்களில் டிடிடி அடிக்கத் தொடங்கினார்கள். குறி மலேரியாக் கொசு. ஆனால் அதே சுவரில் உட்காரும் மணல் ஈயும் சேர்ந்து செத்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் பீகாரில் கருங்காய்ச்சல் கிட்டத்தட்ட காணாமலே போனது.

மலேரியா குறைந்ததும் டிடிடி அடிப்பதையும் குறைத்தார்கள். 1970-களில் கருங்காய்ச்சல் திரும்பி வந்தது. 1977 வாக்கில் வைஷாலி, முசாஃபர்பூர் பகுதிகளில் பெரும் கொள்ளைநோயாகவே வெடித்தது. பிறகு மறுபடி டிடிடி. ஆனால் இம்முறை பழைய பலன் கிடைக்கவில்லை. பீகாரின் மணல் ஈக்கள் டிடிடியைத் தாங்கும் எதிர்ப்புத்தன்மையைப் பெற்றுவிட்டன.

எதிர்ப்புத்தன்மை மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தடித்த சுவர்களில் இருந்து மாதிரி எடுத்து டிடிடி அளவைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான சுவர்களில் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாகவே மருந்து இருந்தது. பதிவேட்டில் 'அடிக்கப்பட்டது' என்று இருக்கும் வீடு, ஈயின் கணக்கில் அடிக்கப்படாத வீடுதான்.

அந்தக் காலகட்டத்தில்தான் இரண்டு மாற்றம் வந்தது. டிடிடிக்குப் பதில் செயற்கை பைரித்ராய்டு வகையைச் சேர்ந்த ஆல்ஃபா-சைபர்மெத்ரின் வந்தது. ஒருவர் வாளியில் வைத்து பம்ப் அடிக்க, இன்னொருவர் குழாயைப் பிடிக்கும் பழைய ஸ்டிரப் பம்புக்குப் பதிலாக, தோளில் மாட்டிக்கொள்ளும் அழுத்த பம்ப் வந்தது. பழைய பம்பில் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சுவரில் ஒரு இடத்தில் வழியும், ஒரு இடத்தில் ஒட்டவே ஒட்டாது.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு மருந்து?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு மண்வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு அறை, ஒவ்வொன்றும் 4 மீட்டருக்கு 3 மீட்டர். ஒட்டினாற்போல 5 மீட்டருக்கு 3 மீட்டரில் மாட்டுக்கொட்டகை. வெளியே ஒரு திண்ணைச் சுவர்.

மருந்து தரையில் இருந்து சுமார் 6 அடி, அதாவது 1.8 மீட்டர் உயரம் வரை அடிக்கப்படுகிறது. ஒரு அறையின் நான்கு சுவரும் சேர்ந்து 14 மீட்டர் நீளம். உயரத்தால் பெருக்கினால் 25 சதுர மீட்டர். இரண்டு அறைக்கு 50. கொட்டகைக்கு 16 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 29 சதுர மீட்டர். திண்ணைச் சுவர் 11 என்று வைத்தால் மொத்தம் 90 சதுர மீட்டர்.

ஒரு சதுர மீட்டர் சுவரில் தங்க வேண்டிய ஆல்ஃபா-சைபர்மெத்ரின் அளவு 25 மில்லிகிராம். 90 சதுர மீட்டருக்கு 2.25 கிராம். பொட்டலத்தில் வரும் தூளில் மருந்து 5 சதவீதம்தான் என்பதால், 45 கிராம் தூள் வேண்டும். அவ்வளவுதான், இரண்டு அறைக்கும் கொட்டகைக்கும் சேர்த்து ஒரு கைப்பிடித் தூள்!

இவ்வளவு குறைந்த மருந்து 90 சதுர மீட்டரில் சமமாகப் பரவ வேண்டும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. தூளைத் தண்ணீரில் கரைத்து நன்றாகக் கலக்க வேண்டும். பம்ப்பை அடிக்கடி குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூள் அடியில் தங்கிவிடும்; முதல் வீட்டுக்கு ஒரு அளவு, கடைசி வீட்டுக்கு ஒரு அளவு என்று ஆகிவிடும். குழாய் முனை சுவரில் இருந்து சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று பட்டை பட்டையாக, ஒரு பட்டையின் ஓரம் அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏறும்படி அடிக்க வேண்டும்.

சரியாக அடித்தார்களா என்பதை வீட்டுக்காரரே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சுவர் காய்ந்ததும் மெல்லிய வெள்ளைப் படிவு சீராகத் தெரிய வேண்டும். நடுவில் சுத்தமான பட்டைகள் தெரிந்தால் அந்த இடம் விட்டுப்போனது என்று அர்த்தம். மருந்து சொட்டுச் சொட்டாக வழிந்த தடம் இருந்தால், முனையை ரொம்பக் கிட்டே வைத்தோ ஒரே இடத்தில் நிறுத்தியோ அடித்திருக்கிறார்கள். வழிந்த மருந்து தரைக்குப் போய்விடும்.

அதிகாரிகள் தரப்பில் இதற்கு ஒரு சோதனை உண்டு. சுவரில் கூம்பு வடிவக் கிண்ணத்தை ஒட்டி, அதற்குள் உயிருள்ள மணல் ஈக்களை 30 நிமிடம் விடுவார்கள். பிறகு எடுத்து வைத்து 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். இறப்பு 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மருந்தோ, அடித்த விதமோ, அல்லது ஈயின் எதிர்ப்புத்தன்மையோ, ஏதோ ஒன்று சரியில்லை.

விட்டுப்போகும் கொட்டகை

மேலே பார்த்த கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். 90 சதுர மீட்டரில் 29 கொட்டகையுடையது. அதாவது கொட்டகையை விட்டுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சுவரில் மருந்தே இல்லை. அதுவும் ஈக்கு மிகவும் பிடித்த சுவர்.

நடைமுறையில் இது நடக்கத்தான் செய்கிறது. மாட்டுக்கு ஆகாது என்ற பயம், கட்டிய மாட்டை அவிழ்த்து வெளியே கொண்டுபோக ஆள் இல்லாதது, இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து கொட்டகை விட்டுப்போகிறது. வீட்டுக்குள்ளும் அதே கதைதான். சமையலறையில் பாத்திரம் இருக்கு, பூஜை அறைக்குள் வெளியாள் வரக்கூடாது, தானிய மூட்டையை நகர்த்த முடியாது என்று முன்னறையில் மட்டும் அடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். சுவரில் கறை படியும், வாடை அடிக்கும் என்பதும் பெரிய புகார். வண்ணம் தீட்டி அழகாக வைத்திருக்கும் மண்சுவரில் வெள்ளைத் திட்டு விழுந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் விடப்பட்ட ஒரு அறை, ஈக்களுக்குப் போதுமான அடைக்கலம். அடிக்கும் முன்பே, இன்ன நாள் வருகிறோம் என்று ஆஷா பணியாளர் மூலம் சொல்லி வைத்து, தானியத்தையும் பாத்திரத்தையும் மூடி, மாட்டை வெளியே கட்ட நேரம் கொடுக்கும் ஊர்களில் இந்த மறுப்பு குறைகிறது.

பூச்சு என்ன செய்கிறது?

மருந்து வளர்ந்த ஈயைக் கொல்கிறது. தரை இடுக்கில் உள்ள புழுவை அது பெரிதாகத் தொடுவதில்லை. அங்கேதான் பூச்சு வேலைக்கு வருகிறது. விரிசலை அடைத்தால் பதுங்கும் இடமும் போகிறது, அடிப்பகுதியில் முட்டை வைக்கும் இடமும் போகிறது.

பாட்னாவில் உள்ள ராஜேந்திர நினைவு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-களிலேயே இதைக் களத்தில் சோதித்தார்கள். அவர்கள் எடுத்தது வெறும் மண் அல்ல; மண்ணில் சுண்ணாம்பு கலந்த பூச்சு. சுண்ணாம்பின் காரத்தன்மையும் ஈரத்தை உறிஞ்சும் குணமும் சேர்ந்து, புழுவுக்குத் தேவையான ஈரமான, மக்கிய சூழலைக் கெடுத்துவிடுகின்றன. விலை குறைவு, ஊரிலேயே கிடைக்கும் பொருள், பூசும் கைப்பழக்கமும் வீட்டுப் பெண்களிடம் ஏற்கெனவே உண்டு.

பிறகு இந்தியா, நேபாளம், வங்கதேசம் மூன்றிலும் மருந்தடிப்பு, மருந்தூட்டிய வலை, சுவர்ப்பூச்சு ஆகியவற்றை ஒப்பிட்டு ஆய்வு நடந்தது. முடிவுகள் 2009-ல் வெளியாயின. வீட்டுக்குள் ஈக்களின் எண்ணிக்கையை அதிகம் குறைத்தது மருந்தடிப்புதான். பூச்சு அந்த அளவுக்கு எட்டவில்லை. ஆகவே பூச்சு மட்டும் போதும் என்று மருந்துக்காரரைத் திருப்பி அனுப்புவது தவறு. அதேநேரம், மருந்தின் வீரியம் சில மாதங்களில் தீர்ந்துவிடும். அடைத்த விரிசலோ மறுபடி வெடிக்கும்வரை அடைபட்டேதான் இருக்கும்.

பூசும் முறையிலும் சில நுணுக்கம் இருக்கிறது. உதிரும் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, விரிசலைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே அடைக்க வேண்டும். காய்ந்த சுவரில் ஈர மண்ணை அப்பினால் ஒட்டாது, இரண்டே நாளில் பிளந்துகொள்ளும். களிமண் மட்டும் வைத்தால் காயும்போது சுருங்கிப் புது வெடிப்பு விடும். அதற்காகத்தான் மணலும் நறுக்கிய வைக்கோலோ உமியோ சேர்ப்பது. முதல் பூச்சு காய்ந்ததும் மயிரிழை வெடிப்புகள் தெரியும். அவற்றை இரண்டாவது முறை மெழுகி மூடினால்தான் வேலை முடிந்தது. மணல் ஈயின் உடம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், நமக்குச் சின்னதாகத் தெரியும் கீறல் அதற்குப் பெரிய வாசல்.

எல்லாச் சுவரையும் பூச வசதி இல்லாவிட்டால், கொட்டகைச் சுவரின் அடிப்பகுதியில் தொடங்குவதுதான் சரி. சுவரும் தரையும் சேரும் மூலையைச் சரிவாக மெழுகி, இடுக்கே இல்லாமல் செய்ய வேண்டும். கோமியம் தேங்காமல் ஓட ஒரு வாட்டம் வேண்டும். சாணத்தைத் தினமும் அள்ளி வீட்டை விட்டுத் தள்ளி எருக்குழியில் போட வேண்டும். பூசிய சுவரின் காலடியில் சாணக் குவியல் இருந்தால் பூச்சு வீண்தான். நீற்றாத சுண்ணாம்பைக் கையால் தொடக்கூடாது, குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும்.

முதலில் பூச்சு, பிறகு மருந்து

இப்போது வரிசைக்கு வருவோம். மருந்து சுவரின் மேற்பரப்பில்தான் தங்குகிறது. அதன் மேல் ஒரு மெல்லிய மண்பூச்சு விழுந்தாலும், சாணி மெழுகினாலும், வெள்ளையடித்தாலும் மருந்து உள்ளே புதைந்துபோகும். ஈயின் கால் அதில் படவே படாது.

மருந்தடிக்கும் சுற்று வருஷத்துக்கு இரண்டு. முதலாவது குளிர் முடிந்து ஈக்கள் பெருகத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில். அடுத்தது மழைக்காலத்தை ஒட்டி. ஆனால் மண்வீடு என்றால் அடிக்கடி மெழுகுவதுதான் வழக்கம். கல்யாணம், திருவிழா, வீட்டில் விசேஷம் என்றால் சுவர் புதுசாகத் தெரிய வேண்டும். மருந்துத் திட்டை மறைக்கவே மறுநாள் மெழுகிவிடும் வீடுகளும் உண்டு. சுத்தமாக வைத்துக்கொள்ளும் குடும்பம்தான் இதில் அதிகம் இழக்கிறது என்பதுதான் வேதனை.

அதனால் மருந்துக் குழு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விரிசல் அடைத்து, பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். அதன் மேல் மருந்து அடித்த பிறகு, குறைந்தது இரண்டரை மூன்று மாதத்துக்கு அந்தச் சுவரைத் தொடக்கூடாது. தரையை மட்டும் மெழுகிக்கொள்ளலாம். பூச்சை முதலில் முடிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கு: விரிசலுக்குள் ஆழமாக ஒளிந்த ஈயை மருந்துச் சாரல் எட்டாது. விரிசல் அடைபட்டால் ஈ வெளியே, மருந்துள்ள சமமான சுவரில்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

இதற்கும் எட்டாத இடம்

சுவரை முழுதாகப் பார்த்துக்கொண்டாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது. பீகாரில் நடந்த ஆய்வுகளில் இதே மணல் ஈக்கள் வீட்டுக்கு வெளியே, மரங்களிலும் செடிகொடிகளிலும் பிடிபட்டுள்ளன. கோடையில் வெளியே கட்டில் போட்டுத் தூங்குபவரைச் சுவர் மருந்து காப்பாற்றாது. சாதாரணக் கொசுவலையின் கண்ணிகளும் இந்தப் பூச்சிக்குப் பெரிய ஓட்டைகள்; நெருக்கமான கண்ணி கொண்ட வலைதான் தடுக்கும்.

இன்னொரு எல்லை, மனித உடல். கருங்காய்ச்சல் குணமானவர்களில் சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்து தோலில் வெளிறிய திட்டுகளும் சிறு கட்டிகளும் வரும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஆனால் அந்தத் தோலில் ஒட்டுண்ணி இருக்கிறது. ஈ கடித்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அடங்கிப்போன ஊரில் நோய் மறுபடி தலைதூக்க இப்படி ஒருவர் போதும்.

இப்போது நிலைமை என்ன?

2007-ல் இந்தியாவில் சுமார் 44,500 பேருக்குக் கருங்காய்ச்சல் பதிவானது. 2023-ல் அது 600-க்கும் கீழே வந்துவிட்டது. பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய 4 மாநிலங்களில் 633 வட்டாரங்கள் நோய்ப் பகுதியாகக் கணக்கிடப்படுகின்றன. ஒரு வட்டாரத்தில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் வந்தால், பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலை நீங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். 2022-ல் இந்த இலக்கைத் தொடாமல் மிச்சம் நின்றது ஒரே ஒரு வட்டாரம். அது ஜார்க்கண்டின் பாகூர் மாவட்டத்தில் உள்ள லிட்டிபாடா, பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி. 2023-ல் அதுவும் இலக்குக்குள் வந்தது. அதே ஆண்டு வங்கதேசம், உலகிலேயே முதல் நாடாக, உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. அதைப் பெற, எட்டிய நிலையைத் தொடர்ந்து 3 ஆண்டு தக்கவைத்துக் காட்ட வேண்டும்.

இந்த வீழ்ச்சிக்கு மருந்தடிப்பு மட்டும் காரணம் இல்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நிமிடங்களில் முடிவு சொல்லும் ஆர்கே39 சோதனையும், 2014 முதல் அரசு மருத்துவமனைகளில் ஒரே தவணையாக ஏற்றப்படும் லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி ஊசியும் பெரிய பங்கு வகித்தன. நோயாளி சீக்கிரம் குணமானால் ஈக்கு எடுத்துக்கொள்ள ஒட்டுண்ணி இருக்காது. கூடவே, பாதிக்கப்பட்ட கிராமங்களில் பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் கருங்காய்ச்சல் குடும்பங்களுக்குக் காரை வீடு கட்டித்தர முன்னுரிமை தரப்பட்டது. விரிசல் இல்லாத சுவர் என்பது நிரந்தரப் பூச்சுதானே. ஆனால் புது வீட்டுக்குப் பின்னால் பழைய மண் கொட்டகை அப்படியே நின்றால், ஈ அங்கே இருந்துகொள்ளும்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் இடமும் இதில் உண்டு: இலங்கை. அங்கே 1990-களில் இருந்து அதே லீஷ்மேனியா டோனவானி, அதே அர்ஜென்டிபெஸ் ஈ மூலம் பரவுகிறது. ஆனால் பெரும்பாலும் தோல் நோயாக, முகத்திலும் கையிலும் ஆறாத புண்ணாகத்தான் வெளிப்படுகிறது. அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் பாதிப்பு அதிகம்.

நோய்ப் பகுதிகளில் வேலைக்குப் போய்த் திரும்பியவருக்கோ, அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்தவருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடாமல் இருந்தால், எந்த ஊரில் இருந்தார் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈ கடித்து நோய் வெளியே தெரிய பொதுவாக 2 முதல் 6 மாதம் வரை ஆகும். அதற்குள் ஊரே மாறியிருக்கும், கேட்காவிட்டால் டாக்டருக்கு இந்த நோய் நினைவுக்கே வராது.